ஒரு கல்யாணப் பத்திரிகையும் ஆறு எழுத்துகளும்: கிரந்தமா, தமிழெழுத்தா?

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாண அட்டை விற்கும் கடை ஒன்றில், சில காலம் மாலை நேரங்களில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டை தேர்ந்தெடுக்கப் பத்து நிமிஷம், வாசகத்தைச் சரிபார்க்க ஒரு மணி நேரம். இதுதான் அங்கே வழக்கம். ஒருநாள் பையனின் அப்பாவும் அவருடைய அண்ணனும் வந்திருந்தார்கள். அப்பா எழுதிக்கொண்டு வந்த தாளில் இந்த வரி இருந்தது:

"ஆவணி மாஸம் சுக்ல பக்ஷம் பஞ்சமி திதி ஸ்வாதி நக்ஷத்திரம் ஸித்த யோகம் கூடிய சுபதினத்தில் எனது ஜேஷ்ட குமாரன் சிரஞ்சீவி லக்ஷ்மணனுக்கும்…"

வருஷத்தின் பெயரை இங்கே விட்டுவிட்டேன். அண்ணன் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பேனாவை வாங்கி ஜ, ஷ, ஸ எல்லாவற்றையும் வட்டமிட்டார். "தம்பி, இது தமிழ்ப் பத்திரிகைதானே? வடவெழுத்து எதுக்கு? எல்லாத்தையும் ச போட்டு அடிங்க" என்றார். அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "அண்ணே, நட்சத்திரத்துல போய் தப்பா எழுதினா நல்லா இருக்குமா? உள்ளது உள்ளபடி இருக்கட்டும்" என்றார்.

இருவர் சொன்னதும் ஊரில் தினமும் காதில் விழுவதுதான். கிரந்தம் போட்டால்தான் சொல் சரியாக இருக்கும் என்பது ஒரு கட்சி. கிரந்தத்தை எடுத்துவிட்டு ச போட்டால் தமிழாகிவிடும் என்பது இன்னொரு கட்சி. இரண்டும் பாதிதான் உண்மை. அந்த ஒரு வரியை வைத்தே இதைப் பார்க்கலாம். அதற்கு முன் கொஞ்சம் அடிப்படை.

ஓட்டலும் இஸ்கூலும்

சென்னையில் யாரும் "ஹோட்டலுக்குப் போய் டிபன் சாப்பிட்டேன்" என்று ஹகரத்தை அழுத்திச் சொல்வதில்லை. ஓட்டல் என்கிறோம். எழுதும்போதும் பலர் ஓட்டல் என்றே எழுதுகிறார்கள். ஸ்கூல் வடசென்னையில் இஸ்கூலு ஆகும். பஸ் பஸ்ஸு ஆகும். இதற்கெல்லாம் யாரும் விதி சொல்லித் தரவில்லை. சொல்லின் முன்னால் நிற்கும் ஹ விழுந்துவிடுகிறது, முதலிலேயே இரண்டு மெய் சேர்ந்து வந்தால் முன்னால் ஒரு உயிர் ஒட்டிக்கொள்கிறது, கடைசியில் மெய் நின்றால் ஒரு உகரம் வந்து தாங்குகிறது. தமிழ் பேசிப் பழகிய வாய் இப்படித்தான் வேலை செய்யும்.

இதே வாய்தான் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வடமொழிச் சொற்களையும் வாங்கிக்கொண்டிருக்கிறது. ஹனுமன் அனுமன் ஆனது, ஹோட்டல் ஓட்டல் ஆனதைப் போலவே. ராமன் இராமன் ஆனதும் இஸ்கூல் இகரத்தின் உறவுதான். தமிழ்ச் சொல் ரகரத்தில் தொடங்காது என்பதால் முன்னே ஓர் உயிர் வந்து நிற்கிறது.

ஆகவே முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது: தமிழாவது சொல், எழுத்தல்ல. சொல் முழுவதும் தமிழ் வாய்க்கு ஏற்றபடி வளைகிறது. அப்படி வளைந்த பிறகு அதை எழுதத் தமிழெழுத்தே போதுமானதாகிவிடுகிறது.

கிரந்தம் என்பது என்ன?

வடமொழிக்கென்று ஒரே எழுத்து என்றும் இருந்ததில்லை. ஒவ்வொரு நாட்டிலும் அந்தந்த ஊர் எழுத்தில் எழுதினார்கள். தமிழ்நாட்டில் அதற்காக வளர்ந்த எழுத்துதான் கிரந்தம். பல்லவர் காலத்திலேயே அது செழித்திருந்தது. மாமல்லபுரத்தில் வடமொழிக் கல்வெட்டுகளைப் பல்லவ கிரந்தத்தில் பார்க்கலாம். மலையாள எழுத்து இந்தக் கிரந்தத்தின் வழிவந்ததே. ஆகவே "வடக்கேயிருந்து வந்த எழுத்து" என்று கிரந்தத்தைச் சொல்வது சரியில்லை. எழுதப்பட்ட மொழி வடமொழி. எழுத்து இந்த மண்ணில் வளர்ந்தது.

பழைய காலத்தில் வேலை பிரிந்திருந்தது. ராசேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகளில் வடமொழிப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதி தமிழெழுத்திலும் இருக்கின்றன. தமிழ்க் கல்வெட்டுகளிலும் தொடக்கத்தில் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்ற மங்கலச் சொல்லைக் கிரந்தத்தில் பொறித்துவிட்டு மேலே தமிழில் போவது வெகு சாதாரணம்.

கிரந்தத்தில் வடமொழியின் எல்லா ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. க மட்டும் நான்கு, ப நான்கு. நம் கைக்கு இன்று வந்து சேர்ந்திருப்பது அதில் ஒரு துணுக்கு: ஜ, ஷ, ஸ, ஹ என்ற நான்கு எழுத்துகள், க்ஷ என்ற கூட்டெழுத்து, ஸ்ரீ என்ற ஒரு மங்கலக் குறி. மொத்தம் ஆறு. பேச்சுவழக்கில் கிரந்த எழுத்து என்று நாம் சொல்வது இந்த ஆறைத்தான்.

இலக்கணம் சொல்வது

தொல்காப்பியத்தின் எச்சவியலில் ஒரு நூற்பா எல்லோருக்கும் தெரியும்:

"வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ
எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே."

வடசொல் தமிழுக்குள் வரலாம், வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வர வேண்டும் என்பது பொருள். மேடைகளில் இந்த நூற்பாவோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்த நூற்பாவையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: "சிதைந்தன வரினும் இயைந்தன வரையார்." வடிவம் சிதைந்து வந்தாலும் தமிழுக்கு இயைந்ததை விலக்க மாட்டார்கள். என் கண்ணுக்கு இந்த இரண்டாவது வரிதான் முக்கியம். எழுத்தை மாற்றுவது மட்டுமல்ல, மாறிய சொல் காதுக்கும் நாவுக்கும் இயைய வேண்டும்.

எப்படிச் சிதையும் என்பதை 13ஆம் நூற்றாண்டு நன்னூல் வரிசையாகச் சொல்கிறது. எல்லாவற்றையும் இங்கே அடுக்க வேண்டாம். நம் ஆறு எழுத்துக்கு வேண்டியது இவ்வளவே. ஜ சொல்லின் நடுவில் வந்தால் ய ஆகலாம். பங்கஜம் பங்கயம் ஆனது அப்படி. முதலில் வந்தால் ச. ஷ முதலில் ச, நடுவில் ட. ஷண்முகன் சண்முகன் ஆனதும் விஷம் விடம் ஆனதும் இதனால்தான். ஸ பெரும்பாலும் ச, சில இடங்களில் த. ஸபா சபை ஆனது, மாஸம் மாதம் ஆனது. ஹ முதலில் விழும், நடுவில் க ஆகும். ஹரன் அரன், மோஹம் மோகம். க்ஷ நடுவில் க்க ஆகும், பக்ஷம் பக்கம்.

ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு வேறாக மாறுவதைக் கவனியுங்கள். "எல்லாத்தையும் ச போட்டு அடிங்க" என்ற யோசனைக்கு நன்னூலில் இடமே இல்லை. சந்தோஷத்தைச் சந்தோசம் என்று எழுதுபவர்கள் இலக்கணப்படி எழுதுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். நன்னூலைக் கேட்டால் சந்தோடம் என்றுதான் சொல்லும். சந்தோசம் என்பது பேச்சிலிருந்து வந்த வடிவம். அதனால் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இலக்கணத்தைச் சாட்சிக்கு இழுக்கக்கூடாது.

இங்கே இரண்டு கலைச்சொற்கள் தேவை. இரு மொழிக்கும் பொதுவான எழுத்துகளால் மட்டுமே ஆனதால் மாற்றமில்லாமல் வந்த வடசொல் தற்சமம். கமலம், காரணம் போன்றவை அவை. வடமொழிக்கே உரிய எழுத்து இருந்ததால் மாறி வந்தது தற்பவம். அரன், விடம், பங்கயம் போன்றவை அவை. ஜகரத்தோடு எழுதப்படும் 'ராஜா' மாறாமல் வந்திருப்பதால் தற்சமம் என்று சிலர் சொல்கிறார்கள். தமிழ் இலக்கணத்தின் கணக்கில் அது தற்சமமும் இல்லை, தற்பவமும் இல்லை. வடவெழுத்தோடு அப்படியே நடுவே வந்து உட்கார்ந்த சொல். 11ஆம் நூற்றாண்டு வீரசோழியம் இப்படி இடையிடையே வடவெழுத்து வரும் நடைக்கு 'விரவியல்' என்றே ஒரு பெயர் வைத்தது. ஆக, அந்த வழக்கமும் நேற்று முளைத்ததில்லை.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: இலக்கணம் தமிழெழுத்தின் பக்கம். ஆனால் அது கேட்பது எழுத்துக்கு எழுத்து மாற்றுவதை அல்ல. சொல்லை மாற்றுவதை.

ச ஒரு எழுத்து, ஒலி பல

"ச எழுதினால் ஜ ஒலி எப்படி வரும்?" என்பது அடுத்த கேள்வி. சில இடங்களில் தானாகவே வரும். பச்சை, பசி, மஞ்சள் என்ற மூன்றையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். இரட்டித்தால் ஓர் ஒலி, இரண்டு உயிருக்கு நடுவே தனியாக வந்தால் ஸகரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஒலி, ஞகர மெய்க்குப் பின்னால் ஜகர ஒலி. எழுத்து ஒன்றுதான். பக்கத்தில் இருக்கும் எழுத்து ஒலியைத் தீர்மானிக்கிறது.

அதனால் அஞ்சலி என்ற வடசொல்லுக்கு ஜ தேவையே இல்லை. ஞ் முன்னால் நிற்பதால் 'ஞ்ச' என்பதே ஜகரமாகத்தான் ஒலிக்கும். அஞ்ஜலி என்று எழுதுவது குடைக்கு மேல் குடை பிடிப்பது. சிரஞ்சீவியும் அப்படியே. ஆனால் ராஜாவை ராசா என்று எழுதினால் நடுவில் தனி ச இருப்பதால் ஒலி மாறும். கிராமத்தில் "என் ராசா" என்று பாட்டி கொஞ்சும்போது வருவது அந்த ஒலிதான். அது வேறு ஒரு நல்ல சொல்லாகவே நிலைத்துவிட்டது.

சரி, கிரந்தம் போட்டால் ஒலி முழுசாகக் கிடைத்துவிடுமா? அதுவும் இல்லை. வடமொழியில் பாபமும் (தீவினை) பாவமும் (உணர்ச்சி வெளிப்பாடு) முதல் எழுத்திலேயே வேறு. தமிழில் தீவினைக்கான சொல்லும் பாவம் ஆகி, இரண்டும் ஒரே எழுத்தில் நிற்கின்றன. நம்மிடம் உள்ள ஆறு எழுத்தை வைத்துக்கொண்டு அந்த முதலெழுத்துகளைப் பிரித்துக் காட்ட முடியாது. க, ட, த, ப வரிசைகளின் வேறுபாடு எதற்கும் இந்த ஆறில் இடமில்லை. ஒலி பிசகக்கூடாது என்றால் ஆறு எழுத்து போதாது. மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் விற்கும் சுலோகப் புத்தகங்களைப் புரட்டினால் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று தெரியும். எழுத்தின் தோளில் 2, 3, 4 என்று சிறிய எண் போட்டிருப்பார்கள். மந்திரம் சொல்பவருக்கு அது வேண்டும். கல்யாணப் பத்திரிகை படிப்பவருக்கு வேண்டியதில்லை.

கேட்டை நட்சத்திரத்தின் கதை

"நட்சத்திரத்தில் போய் தப்பா எழுதலாமா" என்று அப்பா கேட்டாரே, அவருக்குப் பதில் நட்சத்திரப் பட்டியலிலேயே இருக்கிறது. சொல் தமிழாவது எப்படி என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. 27 பெயர்களில் மிகப் பெரும்பாலானவை வடமொழி வழி வந்தவை. நாம் அவற்றை அன்றாடம் சொல்வது முழுக்கத் தமிழெழுத்தில்.

புஷ்யம் பூசம் ஆயிற்று. தைப்பூசத்தை யாராவது தைப்புஷ்யம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ச்ரவிஷ்டா என்பது அவிட்டம் ஆனபோது முன்னால் இருந்த மெய் இரண்டும் போய்விட்டன. ஷ்ட என்பது ட்ட ஆனது. ச்ரவணம் ஓணமாகி, முன்னே திரு சேர்த்துக்கொண்டு திருவோணம் ஆனது. பூர்வாஷாடா பூராடம் ஆனதில் ஷகரம் இருந்த இடமே தெரியவில்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கேட்டை. மூலச் சொல் ஜ்யேஷ்டா, மூத்தவள் என்று பொருள். இந்த ஒரே சொல் தமிழில் மூன்று உருவத்தில் வாழ்கிறது. நட்சத்திரமாக வந்தபோது கேட்டை. திருமகளுக்கு மூத்தவளாகிய மூதேவியாக வந்தபோது சேட்டை. கல்யாணப் பத்திரிகையில் மூத்த மகனாக வரும்போது 'ஜேஷ்ட குமாரன்'.

இதில் கேட்டை எந்த நூற்பாவுக்கும் கட்டுப்படவில்லை. ஜ முதலில் வந்தால் ச ஆக வேண்டும், க அல்ல. நெடுங்காலம் வாயில் புரண்டு வந்த சொல் அது. விதி பார்த்து மாற்றியது அல்ல. சேட்டை விதிப்படி சரியாக வந்தது. ஆனால் இன்று சேட்டை என்றால் குழந்தை பண்ணும் குறும்புதான் நினைவுக்கு வரும். அது வேறு சொல், சேஷ்டை என்ற மூலத்திலிருந்து வந்தது. இரண்டும் ஒரே தற்பவத்தில் மோதிக்கொண்டன, குறும்பு ஜெயித்தது. 'ஜேஷ்ட குமாரன்' இன்னும் வளையவே இல்லை. காரணம், அது பத்திரிகையில் மட்டும் உலவும் சொல். எந்த அம்மாவும் "என் ஜேஷ்ட குமாரன் ஆபீஸ் போயிருக்கான்" என்று சொல்வதில்லை. வாயில் புழங்காத சொல் வளையாது.

தமிழாசிரியர் சொன்னபடி இதில் ச போட்டால் என்ன ஆகும்? 'சேட்டக் குமாரன்.' மணவறையில் உட்கார வேண்டிய பையனுக்கு இப்படி ஒரு பட்டமா?

மோதல்தான் உண்மையான சிக்கல்

தமிழெழுத்தில் எழுதுவதால் ஏதாவது கெடுகிறது என்றால் அது ஒலி அல்ல, பொருள். இரண்டு சொற்கள் ஒரே வடிவத்தில் வந்து விழும்போது படிப்பவர் தடுமாறுகிறார். ஜாதகத்தைச் சாதகம் என்று எழுதினால், "பையன் சாதகம் பார்த்தோம்" என்பது அனுகூலமா, கட்டம் போட்ட தாளா? அந்தக் கட்டமே இன்னொரு பொறி. கஷ்டத்தைக் கட்டம் என்று எழுதலாம், விதி அதைத் தடுக்காது. "கட்டத்தில் இருக்கிறேன்" என்றால் சோசியர்தான் ஓடி வருவார். பாஷை நன்னூல் வழியில் பாடை ஆகும், பழைய நூல்களில் இருக்கிறது. இன்று பாடை என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்தானத்தைத் தானம் என்று எழுதினால் கொடை ஆகிவிடும்.

மோதும் இடத்தில் மூன்று வழி. கிரந்தத்தை வைத்துக்கொள்ளலாம்: ஜாதகம். பேச்சில் வளைந்த வேறு வடிவம் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். அல்லது வேறு தமிழ்ச் சொல்லுக்குப் போகலாம்: கஷ்டத்துக்குத் துன்பம், ஸ்தானத்துக்கு இடம், பாஷைக்கு மொழி. இந்த மூன்றாவது வழியைப் பலர் மறந்துவிட்டு, கிரந்தமா தமிழெழுத்தா என்று இரண்டே கதவு இருப்பதுபோல் சண்டை போடுகிறார்கள்.

இந்த வழியை ஓர் இயக்கமாக ஆக்கியவர்கள் இருந்தார்கள். 1916இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியது. அதை முன்னெடுத்த மறைமலையடிகள் பல்லவரத்தில் வாழ்ந்தவர். வேதாசலம் என்ற தம் பெயரையே மாற்றிக்கொண்டார். வேதாசலம் என்ற பெயரில் கிரந்த எழுத்து ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அவருக்குச் சிக்கல் எழுத்தோடு மட்டுமில்லை, சொல்லோடு. அந்த அலையில்தான் நமஸ்காரம் போய் வணக்கமும், உபந்நியாசம் போய்ச் சொற்பொழிவும், அக்கிராசனர் போய்த் தலைவரும் பொதுவழக்கில் ஊன்றின. அக்கிராசனரை 'அக்ராஸனர்' என்று எழுதுவதா என்ற கேள்விக்கு இன்று வேலையே இல்லை. சொல்லே விடைபெற்றுவிட்டது.

இன்னொரு தவறான செய்தியையும் இங்கேயே ஒதுக்கிவிடலாம். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோது கிரந்தத்தை நீக்கிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். அந்தச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை போன்ற உயிர்மெய்களின் வடிவத்தைத்தான் மாற்றியது. ஜகரத்தின் மேல் யாரும் கைவைக்கவில்லை.

இன்றைய வழக்கு எங்கே நிற்கிறது?

எல்லாரையும் கட்டுப்படுத்தும் ஒரே விதி கிடையாது. ஆனால் அச்சிலும் பத்திரிகையிலும் நடைமுறை கிட்டத்தட்டத் தெளிவாகவே இருக்கிறது.

தமிழாகி ஊறிவிட்ட சொல்லில் யாரும் கிரந்தம் போடுவதில்லை. சபை, சங்கம், சூரியன், சிங்கம், மாதம், கட்சி, சாட்சி. நூறு வருஷத்துக்கு முந்தைய அச்சில் ஸபை, ஸங்கம், ஸமாசாரம் என்று பார்க்கலாம். இன்று அப்படி எழுதினால் தாத்தா கடிதம் மாதிரி இருக்கும்.

க்ஷகரம் வழக்கத்தில் ட்ச ஆகிவிட்டது. நட்சத்திரம், லட்சம், பரீட்சை, மோட்சம். இது நன்னூல் சொன்ன க்க அல்ல, பிற்கால வழக்கு கண்டுபிடித்த வழி. நாக்கை மடித்துச் சொல்லும் தன்மையை ட் வைத்துக்கொள்கிறது, காற்றொலியை ச வைத்துக்கொள்கிறது. நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். பழைய வழியும் புதிய வழியும் தனித்தனிப் பொருளோடு சேர்ந்து வாழ்வதும் உண்டு. லக்ஷணம் ஒருமுறை இலக்கணம் ஆனது, இன்னொருமுறை லட்சணம் ஆனது. "பொண்ணு லட்சணமா இருக்கா" என்பதையும் "இலக்கணமா பேசறா" என்பதையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. (இலக்கணம் தூய தமிழ்ச் சொல்லே, இலக்கு என்பதிலிருந்து வந்தது என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள்.)

இரண்டும் உயிரோடு இருப்பவை நடுவில் நிற்கின்றன. சாதி/ஜாதி, சோதி/ஜோதி, வருடம்/வருஷம், நட்டம்/நஷ்டம். இங்கே எழுதுபவரின் கொள்கையும் சமூகமும் தெரிந்துவிடும். கத்தோலிக்கர் செபமாலை என்று எழுதுவார்கள், சீர்திருத்தச் சபையார் ஜெபம் என்று எழுதுவார்கள். வேண்டியது ஒன்றுதான்: ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

ஆள்பெயரில் உரியவர் எழுதுவதே முடிவு. மதுரையில் இருப்பது காமராசர் பல்கலைக்கழகம், மெரினாவை ஒட்டிப் போவதைப் பலகையிலும் பத்திரிகையிலும் காமராஜர் சாலை என்று எழுதுகிறார்கள். ஒரே மனிதர்தான். ஊர்பேருக்கு இந்தத் தளர்ச்சி தாங்கும், உயிரோடிருப்பவரின் சான்றிதழ் தாங்காது. கல்யாணத்தைப் பதிவு செய்யப் போகும்போது பத்திரிகையையும் கேட்பது வழக்கம். அதில் இலக்குவன், அடையாள அட்டையில் லக்ஷ்மணன் என்றால் சாளரத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கம்பராமாயணம் படித்திருப்பார் என்று நம்ப முடியாது.

கணினியில் இன்னும் ஒரு சங்கடம். லட்சுமி, லக்ஷ்மி, இலக்குமி மூன்றும் அதற்கு மூன்று வேறு பெயர். ஸ்ரீ இன்னும் மோசம். `U+0BB8` என்ற ஸகரத்திலும் தொடங்கித் தட்டலாம், 2005இல் சேர்ந்த `U+0BB6` என்ற ஶகரத்திலும் தொடங்கித் தட்டலாம். பல எழுத்துருக்களில் திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். தேடினால் ஒன்று மற்றொன்றில் கிடைக்காது. விருந்தினர் பட்டியலில் ஸ்ரீதர் இருமுறை வந்து, இரண்டு பத்திரிகை ஒரே வீட்டுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. முதலெழுத்தை மாற்றினால் முந்தைய சொல்லும் மாறும். 'அந்த ஜாதகம்' என்பதில் ஒற்று மிகாது. 'அந்தச் சாதகம்' என்று மாற்றும்போது ச் வந்தாக வேண்டும். ஜ, ஸ ஆகியவற்றுக்கு முன் வல்லினம் மிகும் விதி வேலை செய்வதில்லை. மொத்தமாகத் தேடி மாற்றினால் இந்த இடங்களில்தான் பல்லிளிக்கும்.

அந்த வரிக்குத் திரும்பினால்

அண்ணன் தம்பி இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, சொல் சொல்லாக எடுத்தோம்.

'மாஸம்' முதல் பலி. மாதம் என்று எல்லோரும் சொல்வதால் அப்பா வாய் திறக்கவில்லை. வரிக்கு முன்னால் வருஷத்தின் பெயர் இருந்ததல்லவா, அங்கே 'வருஷம்' என்பதில் அப்பா பிடிவாதமாக இருந்தார். "மூலத்துல இருக்கற மாதிரியே இருக்கட்டும்." மூலத்தில் வர்ஷம், நடுவில் உகரம் புகுந்து வருஷம் ஆகி ஏற்கனவே பாதி தமிழாகிவிட்டது என்று சொன்னேன். கிரந்தம் இருப்பதால் மட்டும் சொல் மூலச் சொல் ஆகிவிடாது. வருடம் என்று ஒப்புக்கொண்டார். அண்ணன் ஆண்டு என்று கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை.

'சுக்ல பக்ஷம்' கொஞ்சம் நேரம் எடுத்தது. அண்ணன் நன்னூலை நினைவில் வைத்துக்கொண்டு "சுக்கில பக்கம்" என்றார். பக்கம் என்றால் புத்தகத்தின் பக்கம் என்றுதான் இன்று படிப்பார்கள் என்று அவரே சிரித்துவிட்டார். சுக்கில பட்சம் வழக்கில் இருக்கிறது. ஆனால் வளர்பிறை என்று நம்மிடமே அழகான சொல் இருக்கும்போது ஏன் என்றேன். இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டியது அன்று இது ஒன்றுக்குத்தான்.

'நக்ஷத்திரம்' நட்சத்திரம் ஆனது. 'ஸ்வாதி' சுவாதி ஆனது. சுவாதிக்குச் சோதி என்றும் பழைய பெயர் உண்டு, அதைச் சொன்னால் இன்னொரு டீ ஆகும் என்று சொல்லவில்லை. 'ஸித்த' சித்த ஆனதை யாரும் கவனிக்கவேயில்லை. 'ஜேஷ்ட குமாரன்' வந்தபோது அண்ணனிடம் ச போட்டுப் படித்துக் காட்டினேன். "ஐயையோ" என்றார். மூத்த மகன் என்று அவரே எழுதினார். அப்பாவுக்கு அது கொஞ்சம் எளிமையாகப் பட்டது. கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு கம்பீரம் வேண்டாமா என்று முணுமுணுத்தார். அந்த முணுமுணுப்பிலும் நியாயம் இருந்தது. மூத்த மகனுக்குப் பின்னால் இருந்த 'சிரஞ்சீவி'யை விட்டுவைத்தோம்.

மிச்சம் பெயர். அண்ணன் இலக்குவன் என்றார், ஆசையோடு. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளைப் பையனே போனில் வந்தான். "பெரியப்பா, ஆதார்ல இருக்கற மாதிரி போடச் சொல்லுங்க" என்றான்.

அச்சுக்குப் போன வரி இது:

"ஆவணி மாதம் வளர்பிறைப் பஞ்சமி திதி சுவாதி நட்சத்திரம் சித்த யோகம் கூடிய சுபதினத்தில் எனது மூத்த மகன் சிரஞ்சீவி லக்ஷ்மணனுக்கும்…"

கிரந்தம் ஒரே ஒரு இடத்தில் நின்றது. அட்டையின் தலைப்பில் 'ஸ்ரீ' போடுவதா 'திரு' போடுவதா என்று அண்ணன் தொடங்கியபோது கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.